மாதம் 8 சதவீதம்: ஒரு மறுப்பும் அதன் கணக்கும்

இது இரண்டு பேரின் கதை. 26 வயதுப் பெண் ஒருவர், அவருடைய சித்தி. இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், நிறுவனம் எதையும் குறிப்பிடவில்லை. நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். அந்தப் பெண் தான் போட்ட கணக்கைச் சரிபார்க்க என்னிடம் வந்தார். அப்படித்தான் இந்த விவகாரம் எனக்குத் தெரியவந்தது. அவருடைய கணக்கில் நான் திருத்த வேண்டியது ஒரே ஒரு இடம்தான்.

## பின்னணி

அந்தப் பெண் ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருந்தார். நான்கு வருடங்களில் 2 லட்சம் சேர்த்திருந்தார். அது ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கி வைப்பில் இருந்தது.

சித்தி ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு திட்டத்தில் 5 லட்சம் போட்டிருந்தார். போட்ட பணத்துக்கு மாதம் 8 சதவீதம் வீதம் 24 மாதங்கள் தருவார்கள், முடிவில் முதலும் முழுதாகத் திரும்ப வரும் என்பது ஏற்பாடு. வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்பதில் லாபம் வருவதாக நிறுவனம் சொன்னது. முதல் 12 மாதங்களுக்குள் வெளியேறினால் போட்ட முதலிலிருந்து 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

"உன் பணம் வங்கியில சும்மா தூங்குது. என்கிட்ட மாசாமாசம் வருது பார்" என்று சித்தி தொலைபேசியைக் காட்டினார். மாதம் 40,000 வரவு வைக்கப்பட்ட குறுஞ்செய்திகள் அதில் இருந்தன. பெண்ணின் 2 லட்சத்தோடு மாதம் 1.5 சதவீத வட்டியில் 1 லட்சம் கடன் வாங்கி, மொத்தம் 3 லட்சமாகப் போடச் சொன்னார். 3 லட்சத்துக்கு மேல் போடுபவர்களுக்கு ஏதோ தனிச் சலுகையாம். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

சித்தியின் நோக்கத்தில் துளியும் தவறில்லை. நல்லது கிடைத்தால் அக்கா மகளுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தார். இந்தத் திட்டங்கள் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

## முதலில் நடந்த பிழை

அந்தப் பெண் இதைத் தயங்காமல் ஒத்துக்கொண்டார். "8 சதவீதம்" என்று கேட்டபோது மனம் தானாகவே வங்கியின் 7 சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதாம். ஒரு சதவீதம்தானே கூடுதல், கொஞ்சம் துணிந்தால் தப்பில்லை என்று அன்றிரவு தோன்றியிருக்கிறது.

ஒன்று ஆண்டுக் கணக்கு, மற்றது மாதக் கணக்கு. சதவீதத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு காலத்துக்கு என்பது இல்லாவிட்டால் இரண்டு எண்களை ஒப்பிடவே முடியாது. மறுநாள் சம்பளப் பட்டியலில் ஒருவருடைய ஆண்டு ஊதிய உயர்வை மாதத்துக்குப் பிரிக்கும்போதுதான் இது உறைத்ததாகச் சொன்னார். வங்கியின் 7 சதவீதத்தை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.58 சதவீதம். அதன் பக்கத்தில் 8ஐ வைத்தால் கிட்டத்தட்ட 14 மடங்கு.

மனத்தில் இருந்த ஒரு சதவீத வித்தியாசம் 14 மடங்காக மாறியதும், இது கொஞ்சம் துணிகிற விஷயமல்ல, வேறு ஜாதிப் பொருள் என்று புரிந்துவிட்டது. அன்று மாலை ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார்.

## தாளில் போட்ட கணக்கு

முதலில் அவர் கேட்டது, நிறுவனம் சொல்வது உண்மையாக இருந்தால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை. மாதம் 8 சதவீதத்தை எடுக்காமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 9 மாதத்தில் பணம் இரட்டிக்கிறது. ஒரு வருடத்தில் இரண்டரை மடங்கு, இரண்டு வருடத்தில் ஆறு மடங்குக்கு மேல், ஐந்து வருடத்தில் 101 மடங்கு. ஒருவர் 3 லட்சத்தோடு தொடங்கி, யாரிடமும் ஒரு காசு வாங்காமல், ஐந்தே வருடத்தில் 3 கோடியைத் தாண்டிவிடலாம்.

அவருடைய வாதம் இங்கேதான் கூர்மையாகிறது. இந்தத் திறமை கையில் உள்ளவர்களுக்கு என் 3 லட்சம் எதற்கு? அவசரத்துக்குப் பணம் தேவை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கே 1.5 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறது. அவர்களும் அதே 1.5 சதவீதத்துக்கு வாங்கலாம். அதைவிட ஐந்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து எங்களிடம் ஏன் வாங்குகிறார்கள்?

கடன் வாங்கிப் போடு என்ற யோசனையே திட்டத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சித்தி அதை மாதம் 6.5 சதவீதச் சுத்த லாபம் என்று பார்த்தார். பெண்ணோ, அந்த 6.5ஐ நிறுவனம் தானே எடுத்துக்கொள்ளாமல் ஏன் எனக்கு விட்டுத்தருகிறது என்று பார்த்தார்.

## சித்தியின் ஏழு மாதம்

இந்த அளவில் சித்தியிடம் பேசியபோது அவர் அசையவில்லை. "நீ தாள்ல கணக்குப் போடுற. எனக்குக் கையில வருதுடி." இதற்குப் பதில் சொல்வது லேசல்ல. ஏழு மாதம் தவறாமல் பணம் வந்திருக்கிறது. கண்ணால் பார்த்த சாட்சிக்கு முன்னால் கூட்டு வட்டி எடுபடாது.

இரண்டு நாள் கழித்துச் சித்தியிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார். "சித்தி, நீங்க போட்டது எவ்வளவு, இதுவரைக்கும் நிஜமா கைக்கு வந்தது எவ்வளவு, ரெண்டையும் நீங்களே எழுதுங்க" என்றார்.

சித்தி எழுத எழுத வேறொன்று வெளியே வந்தது. முதல் நான்கு மாதத் தொகை 1,60,000 வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. அதற்கடுத்த மூன்று மாதத் தொகையை, அதாவது 1,20,000ஐ, எடுக்க வேண்டாம், முதலோடு சேர்த்தால் மாத வரவு கூடும் என்று ஏற்பாட்டாளர் சொல்ல, சித்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். குறுஞ்செய்தி வந்தது உண்மை, பணம் வரவில்லை. நிறுவனத்தின் பக்கத்தில் சித்தியின் இருப்பு 6,20,000 என்று காட்டியது. கையில் இருந்தது 1,60,000. அது போட்டதில் 32 சதவீதம். மீதி 68 சதவீதம் இன்னும் அவர்கள் வசம்.

அப்புறம் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "என்னை இதுல சேர்த்தா உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?" சித்தி மறைக்கவில்லை. சேர்க்கும் தொகையில் 5 சதவீதம். ஏற்கெனவே தெரிந்தவர்கள் இருவரைச் சேர்த்தும் விட்டிருந்தார்.

இந்த 5 சதவீதம் தெரிந்ததும் கணக்கு முழுமையானது. ஒருவர் 100 போடுகிறார். அதில் 5 தரகுக்குப் போகிறது. மிச்சம் 95. நிறுவனம் எந்த வியாபாரமும் செய்யாமல் அந்த 95ஐ ஒரு பெட்டியில் வைத்திருந்தாலே மாதம் 8 வீதம் 11 மாதம் கொடுக்கலாம். அதற்கு 88 செலவாகும். பன்னிரண்டாம் மாதத்துக்குப் பெட்டியில் 7 இருக்கும், அது போதாது.

ஆகவே, முதல் 11 மாதங்களில் ஒழுங்காகப் பணம் வருவது எதையும் நிரூபிப்பதில்லை. நேர்மையான நிறுவனமாக இருந்தாலும் வரும், வெறும் பெட்டியாக இருந்தாலும் வரும். நிஜமான சோதனையே பன்னிரண்டாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. சித்தி ஏழாம் மாதத்தில் நின்றுகொண்டு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பயன்பட்ட கணக்கு இதுதான். 100லிருந்து தரகைக் கழித்து, மாத வீதத்தால் வகுத்தால், நம்முடைய பணத்தையே நமக்குத் திருப்பிக் கொடுத்து எத்தனை மாதம் ஓட்டலாம் என்பது தெரிந்துவிடும்.

## நான் திருத்திய இடம்

என்னிடம் வந்தபோது, பன்னிரண்டாம் மாதம் திட்டம் உடைந்துவிடும் என்று எழுதியிருந்தார். அது சரியல்ல. புதியவர்கள் தொடர்ந்து வந்தால் அவர்கள் பணத்திலிருந்து பழையவர்களுக்குக் கொடுத்து எவ்வளவோ காலம் ஓட்டலாம்.

அதற்கு எத்தனை புதியவர்கள் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். எல்லோரும் ஒரே தொகை போடுவதாக வைத்துக்கொண்டோம். 100 பேர் உள்ளே இருந்தால் அவர்களுக்கு மாதம் 8 பங்கு கொடுக்க வேண்டும். ஒரு புதியவர், தரகு போக, 0.95 பங்கு கொண்டுவருகிறார். எனவே 100 பேருக்கு மாதம் 8.4 புதியவர்கள் தேவை. அடுத்த மாதம் அந்தப் புதியவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருப்பதால் தேவை கூடிக்கொண்டே போகும். 1,000 பேரோடு தொடங்கினால் ஒரு வருடத்தில் சுமார் 2,600 பேர், இரண்டு வருடத்தில் 7,000 பேர், ஐந்து வருடத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். 24ஆம் மாத முடிவில் முதலைத் திருப்பித் தருவதை இதில் சேர்க்கவே இல்லை. அலுவலக வாடகையும் கூட்டச் செலவும் சேர்க்கவில்லை.

எனவே, எந்த மாதம் உடையும் என்று கணக்கு சொல்லாது. சேர்க்கை மாதம் 8.4 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது உடையத் தொடங்கும் என்று மட்டும் சொல்லும். சலுகைக்குக் கடைசித் தேதி, வந்த பணத்தை மறுபடி போடச் சொல்வது, கடன் வாங்கச் சொல்வது, மூன்றும் அந்தச் சேர்க்கையைத் தூக்கிப் பிடிக்கும் வேலைகள். மறுமுதலீடு அவர்களுக்கு இரட்டை வசதி. அந்த மாதம் பணம் வெளியே போகவில்லை, கணக்கில் புது வரவாகவும் தெரிகிறது.

## ஏற்பாட்டாளரிடம் கேட்டது

மறுப்பதற்கு முன் ஏற்பாட்டாளரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவரே முடிவெடுத்தார். நான் அது தேவையில்லை என்றேன். கேட்காமல் மறுத்தால் சித்திக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி.

கடன் 1.5 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது எங்களுக்கு 8 ஏன் தருகிறீர்கள் என்று நேராகவே கேட்டார். வங்கிகள் ஆயிரம் ஆவணம் கேட்கும், எங்களுக்குச் சாதாரண மக்கள் வளர வேண்டும் என்பதுதான் ஆசை என்று ஏற்பாட்டாளர் சொன்னார்.

"வங்கி கேட்கிற ஆவணத்தை எனக்கும் காட்டுங்க. தணிக்கை செய்த கணக்கு, கடைசி ஒரு வருஷத்துக்கு. அது போதும்."

காட்டியது நிறுவனப் பதிவுச் சான்றிதழையும், தொலைபேசித் திரையில் ஒரு லாப வரைபடத்தையும். பதிவுச் சான்றிதழ் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். பொதுமக்களிடம் பணம் திரட்ட அனுமதி என்பது வேறு, அதைக் கண்காணிக்கும் அமைப்பு தனியாகத் தர வேண்டும். வரைபடத்தில் எந்த மாதமும் இறக்கமே இல்லை. நாணயச் சந்தை தினமும் ஏறி இறங்குவது. அதில் ஒரு மாதம்கூட நஷ்டம் இல்லை என்றால், அந்தக் கோடு சந்தையிலிருந்து வந்ததல்ல என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

## இதே கணக்கு 1920ல்

பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். தபால்தலைகளாக மாற்றிக்கொள்ளக்கூடிய பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதுதான் வியாபாரம் என்றார். நிதிப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பாரன், அந்தப் பெண் கேட்ட அதே மாதிரிக் கேள்வியைத்தான் கேட்டார். திரட்டிய பணத்துக்கு ஈடாக எத்தனை கூப்பன் இருக்க வேண்டும்? 16 கோடி. உண்மையில் புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000. பொன்சி தன் சொந்தப் பணத்தைத் தன் திட்டத்தில் போடவில்லை என்பதையும் பாரன் கவனித்தார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, அவர் சித்திக்கு அதை அப்படியே கதையாகச் சொன்னார். நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்பதால் யாரையும் குற்றம் சொல்வதுபோல் இல்லை, சித்தி முழுதாகக் கேட்டார்.

## எடுத்த முடிவுகள்

எட்டாம் நாள் பெண் மறுத்துவிட்டார். "மோசடி" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. "எங்கிருந்து 8 வருதுன்னு எனக்குப் புரியல சித்தி. புரியாத இடத்துல நாலு வருஷச் சேமிப்பை வைக்க மாட்டேன், கடன் கண்டிப்பா வாங்க மாட்டேன்" என்றார். சித்தி ஒரு வாரம் பேசவில்லை.

பேச்சு திரும்பியபோது பெண் இரண்டு விஷயங்கள் கேட்டுக்கொண்டார். இனி வருவதை மறுபடி போடாமல் கையில் வாங்குங்கள், இனி யாரையும் சேர்க்காதீர்கள். சித்தி இரண்டுக்கும் சம்மதித்தார். 25 சதவீதம் விட்டுக்கொடுத்து இப்போதே வெளியேறலாமா என்ற பேச்சும் வந்தது. 5 லட்சத்தில் 1,25,000 போய்விடுமே என்று சித்தி தயங்கினார். பெண் வற்புறுத்தவில்லை.

## பிறகு நடந்தது

எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் 6,20,000க்கு 8 சதவீதமாக 49,600 வீதம் வந்தது. சித்தி இரண்டையும் கையில் எடுத்தார். பத்தாம் மாதம் தொகை வரவில்லை. மென்பொருள் மாற்றம் நடக்கிறது, இரண்டு வாரம் பொறுங்கள் என்று செய்தி வந்தது. அடுத்த மாதம், பாதித் தொகையை எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று இன்னொரு செய்தி. அதற்குப் பின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சித்தியும் அவர் சேர்த்த இருவரும் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள்.

தரகாகப் பெற்றதைச் சித்தி அந்த இருவருக்கும் கொடுத்துவிட்டார், அதனால் அது இந்தக் கணக்கில் இல்லை. சித்தி போட்டது 5,00,000. கைக்கு வந்தது 2,59,200. நஷ்டம் 2,40,800, போட்டதில் 48 சதவீதம். எட்டாம், ஒன்பதாம் மாதத் தொகையையும் மறுபடி போட்டிருந்தால் அது 68 சதவீதமாக இருந்திருக்கும்.

பெண் அன்று 3 லட்சம் போட்டிருந்தால் 24,000 வீதம் இரண்டு முறை வந்திருக்கும். 2,52,000 போயிருக்கும், 84 சதவீதம். அதற்கு மேல் 1 லட்சம் கடனும் அதன் வட்டியும் நின்றிருக்கும். ஒரே நிறுவனம், ஒரே நாளில் மூடல். இருவருக்கும் நஷ்ட வீதத்தில் இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம் உள்ளே நுழைந்த மாதமும், கையில் எடுத்த தொகையும் மட்டும்தான்.

## எதை மாற்றிச் செய்திருக்கலாம்

அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை உறுத்துவது அந்த 25 சதவீதம். அன்று சித்தி வெளியேறி, நிறுவனம் சொன்னபடி 3,75,000 கொடுத்திருந்தால், ஏற்கெனவே கையில் இருந்த 1,60,000ஐயும் சேர்த்து 5,35,000 ஆகியிருக்கும். நஷ்டமே இல்லை. கொடுத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் 1,25,000 போகிறதே என்று இருவரும் பார்த்தார்கள், 3,40,000 இன்னும் அவர்கள் கையில் இருக்கிறதே என்று பார்க்கவில்லை. தன் பணத்துக்கு அவ்வளவு கூர்மையாகக் கணக்குப் போட்டவர் சித்தியின் பணத்துக்குப் போடத் தயங்கினார். மரியாதை தடுத்தது என்கிறார். எனக்கு அது புரிகிறது.

சித்தியிடம் முதல் நாளே தாளைக் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். முதல் இரண்டு நாள் அவர் தன் கணக்கைச் சித்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சித்தி தன் கையால் 1,60,000 என்று எழுதிய பிறகுதான் பேச்சு மாறியது.

என் தரப்பில் ஓர் எச்சரிக்கை. இந்த வழி 8 சதவீதத்துக்குச் சத்தமாகப் பேசியது. மாதம் 2 சதவீதம் என்றால், சேர்த்துக்கொண்டே போனாலும் ஆண்டுக்கு 27 சதவீதத்துக்குள்தான் வரும். சில நல்ல தொழில்களில் சில வருடங்கள் அது சாத்தியம்தான். அமெரிக்காவில் 2008 டிசம்பரில் உடைந்த பெர்னார்ட் மேடாஃபின் மோசடித் திட்டம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் காட்டியது. அங்கே வீதம் அல்ல, இறக்கம் அரிதாகவே வந்த ஒழுங்குதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய அடையாளம். அப்படிப்பட்ட இடத்தில் வகுத்தல் கணக்கு மட்டும் போதாது. 2 சதவீதத்தில், தரகு போக 95ஐ வைத்துக்கொண்டு, பெட்டியே 47 மாதம் கொடுத்துவிடும். கிட்டத்தட்ட நான்கு வருடம் ஒழுங்காக வந்தது என்பதும் அங்கே சாட்சியாகாது. தணிக்கைக் கணக்கையும் அனுமதியையும் பார்த்தாக வேண்டும்.

புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. பெண்ணின் 2 லட்சம் அதே வங்கி வைப்பில் இருக்கிறது. சித்தி எழுதிய தாளை அவர் தன் சம்பளக் கோப்பில் வைத்திருக்கிறார்.